புத்தகம் பார்த்து எழுதிய விடைத்தாளைத் திருத்துவது எப்படி: ஓர் ஒப்பந்தச் சட்டக் கேள்வியை வைத்து

சட்டக் கல்லூரியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்து, முதல்முறையாகத் திறந்த புத்தகத் தேர்வின் விடைத்தாள் கட்டு ஒன்றைக் கையில் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாதாரணத் தேர்வில் பழகிய கண்ணோடு இந்தத் தாள்களைத் திருத்தினால் மதிப்பெண் தலைகீழாகப் போய்விடும். அங்கே ஒரு பிரிவை அப்படியே மனப்பாடமாக எழுதியிருந்தால், குறைந்தபட்சம் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். இங்கே அதே பிரிவு மேஜை மேல் விரித்து வைத்த பேர் ஆக்டில் இருக்கிறது, பார்த்து எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் திருத்துபவரின் கை பழக்கதோஷத்தில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தால் ஐந்து மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறது. இதை எப்படித் தவிர்ப்பது என்பதை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்க்கலாம்.

கேள்வி இதுதான், 10 மதிப்பெண். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் செல்வத்தின் ஒரே ஆஃப்செட் மெஷினில் கியர் உடைந்துபோகிறது. நவம்பர் 1ஆம் தேதி கோயம்புத்தூரில் ரங்கராஜின் பட்டறையில் அதைக் கொடுத்து, "இந்த ஒரு மெஷின்தான் இருக்கிறது, ஸ்பேர் கியர் கிடையாது, இது வரும்வரை பிரஸ் நின்றுதான் கிடக்கும்" என்கிறார். 5ஆம் தேதி தருவதாக ரங்கராஜ் ஒப்புக்கொள்கிறார். 3ஆம் தேதி செல்வம் போன் செய்து, ஒரு நகைக்கடையின் பெரிய காலண்டர் ஆர்டர் வந்திருக்கிறது, தாமதமானால் அது கைவிட்டுப் போய்விடும் என்கிறார். ரங்கராஜ் கியரைக் கொடுத்தது 12ஆம் தேதி மாலை. ஏழு நாள் மெஷின் நின்றதில் வழக்கமான வேலைகளில் நாளொன்றுக்கு 6,000 ரூபாய் லாபம் போனது, நகைக்கடை ஆர்டரும் ரத்தாகி அதில் கிடைக்க வேண்டிய 2,50,000 ரூபாய் போனது. 8ஆம் தேதி காலை பக்கத்து அச்சகக்காரர், நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வாடகைக்குத் தன் மெஷினில் வழக்கமான வேலைகளை ஓட்டிக்கொள்ளச் சொல்கிறார். பழைய சண்டையை நினைத்துச் செல்வம் மறுத்துவிடுகிறார். செல்வம் எவ்வளவு இழப்பீடு கேட்க முடியும்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 73ஆம் பிரிவை வைத்து விடை எழுதுக.

கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் இதைச் செய்வதே இல்லை. மாணவர்களுக்கு என்னென்ன பார்க்க அனுமதி இருந்ததோ அதையெல்லாம் நீங்கள் எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும்: பேர் ஆக்ட், வகுப்பில் கொடுத்த நோட்ஸ், எல்லோரும் வாங்கும் அந்த ஒரு கைடு. 73ஆம் பிரிவு வரும் பக்கங்களை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அரைமணி நேர வேலை. ஆனால் அதற்குப் பிறகு, விடைத்தாளில் ஒரு வாக்கியம் வரும்போதே இது நோட்ஸில் எந்தப் பக்கத்து வாக்கியம் என்று தெரிந்துவிடும். "இயல்பான போக்கில் விளையும் இழப்பு", "ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பு", "தொலைவான, மறைமுகமான இழப்புக்கு இழப்பீடு இல்லை" என்ற மூன்றும் பிரிவிலேயே இருக்கின்றன. 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கு, ஆலையின் உடைந்த தண்டு, அதைத் தாமதமாகக் கொண்டுபோன சரக்குக் கம்பெனி, ஆலை நின்றுபோகும் என்ற சூழ்நிலை அந்தக் கம்பெனிக்குத் தெரியாததால் லாப இழப்பு கிடைக்காமல் போனது என்ற கதை எந்த நோட்ஸிலும் இருக்கும். 1949இன் விக்டோரியா லாண்ட்ரி வழக்கும் பெரும்பாலும் இருக்கும். அங்கே பாய்லர் தாமதமானதால் போன சாதாரண லாபம் கிடைத்தது, விற்றவருக்குத் தெரியாத அதிக லாப ஒப்பந்தங்களின் இழப்பு கிடைக்கவில்லை.

நம் கேள்வி வேண்டுமென்றே ஹாட்லி மாதிரியே எழுதப்பட்டிருக்கிறது. உடைந்த பாகம், நின்றுபோன மெஷின், தாமதம். நோட்ஸைத் திறந்தவுடன் கை தானாக அந்த வழக்குக்குப் போகும். ஆனால் விடை அந்த வழக்கில் இல்லை. இங்கே மெஷின் நின்றுபோகும் என்று 1ஆம் தேதியே சொல்லியாகிவிட்டது. அதனால் ஹாட்லியை அப்படியே இறக்கி வைத்து, வழக்கமான லாபமும் கிடைக்காது என்று முடிப்பவர் கேள்வியைப் படிக்கவில்லை என்று வெட்டவெளிச்சமாகிவிடும்.

அடுத்தது, உங்கள் விடையை நீங்களே எழுதிப் பாருங்கள். மாதிரி விடைத்தாள் கொடுத்திருந்தாலும் எழுதுங்கள். எழுதும்போதுதான் எந்தத் தகவலில் விடை திரும்புகிறது என்று தெரியும். இந்தக் கேள்வியில் அப்படி மூன்று இடங்கள். 1ஆம் தேதி சொன்னது: அதனால் நின்றுபோன நாட்களின் வழக்கமான லாபத்தைக் கேட்கலாம். 3ஆம் தேதி போனில் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த பிறகு சொன்னது, பிரிவு கேட்பதோ ஒப்பந்தம் செய்தபோது இருந்த அறிவை, அதனால் 2,50,000 கிடைக்காது. 8ஆம் தேதி பக்கத்து அச்சகக்காரர் வந்தது: 73ஆம் பிரிவின் கடைசியில் இருக்கும் விளக்கப் பகுதி, இழப்பைச் சரிசெய்யக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அப்படியென்றால் 6, 7 இரண்டு நாளுக்கும் முழு லாபம் 12,000. 8 முதல் 12 வரை ஐந்து நாளுக்கு, வாடகைக்கு எடுத்திருந்தால் செலவாகியிருக்கும் 15,000 மட்டும். மொத்தம் 27,000.

இந்த 27,000 எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட்ஸ் எவ்வளவு நல்ல நோட்ஸாக இருந்தாலும் சரி, அந்த எண்ணுக்கு மாணவரே நடந்துதான் வர வேண்டும்.

இனி மதிப்பெண்ணைப் பிரிக்கலாம். சரியான சட்டம் எது என்று காட்டியதற்கு 2. முதல் தேதிக்கு 2, போனுக்கு 3, பக்கத்து அச்சகத்துக்கு 2, தொகைக்கும் முடிவுக்கும் 1. போனுக்கு ஏன் 3 என்றால், அங்கேதான் பிரிவில் இருக்கும் "ஒப்பந்தம் செய்தபோது" என்ற சொல்லையும் கேள்வியில் இருக்கும் தேதியையும் ஒருவர் சேர்த்துப் படித்தாக வேண்டும். சட்டத்துக்கு 2 என்பது உச்சவரம்பு. ஒரு வரியில் "பிரிவு 73, ஒப்பந்தத்தின்போது அறிந்திருந்த இழப்பு மட்டுமே" என்று எழுதினாலும் 2தான், பிரிவு முழுவதையும் எடுத்துக்காட்டுகளோடு ஒன்றரைப் பக்கம் எழுதினாலும் 2தான். இந்த உச்சவரம்பைத் திருத்தத் தொடங்குவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாற்பதாவது தாளில் களைப்பாக இருக்கும்போது அழகான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் வந்து நின்றால் மனசு இளகும்.

பார்த்து எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புத்தகத்தைத் திறக்க நாம்தான் அனுமதித்தோம், அதிலிருந்து எடுத்து எழுதுவது குற்றமில்லை. பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்து எழுதுவது வேறு, அது ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகிற விஷயம், அதை மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நோட்ஸ் வாக்கியத்துக்கு வரம்புக்குள் மதிப்பெண், வரம்பைத் தாண்டினால் பூஜ்யம், அவ்வளவுதான்.

சரி, தாளைப் படிக்கும் முறைக்கு வருவோம். கையில் பென்சில் வேண்டும். முதல் வாசிப்பில் மதிப்பெண் போடாமல், கேள்வியில் மட்டுமே இருக்கக்கூடிய தகவல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கே அடிக்கோடு இடுங்கள்: தேதி, தொகை, போன், ஸ்பேர் கியர், பழைய சண்டை. பெயர்களுக்குக் கோடு போடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன். பக்கம் முழுக்கக் கோடே விழவில்லை என்றால் அது நோட்ஸ். கோடு விழுந்த இடங்களில் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் தகவலிலிருந்து ஏதாவது முடிவுக்குப் போகிறாரா, இல்லை கேள்வியைத் திருப்பி எழுதியிருக்கிறாரா? முதல் பத்தியில் கேள்வியின் கதையை மறுபடி எழுதும் பழக்கம் நம் மாணவர்களிடம் நிறைய உண்டு. அங்கே எல்லாத் தகவலும் இருக்கும், ஒன்றுக்கும் மதிப்பெண் கிடையாது. "ஆகையால்", "ஏனென்றால்", "இருந்தாலும்" என்ற சொற்களின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் சட்டம், மறு பக்கம் கேள்வியின் தகவல் என்று இருந்தால் அங்கே மதிப்பெண் இருக்கிறது.

மூன்று தாள்களை வைத்துப் பார்ப்போம். இவை நானே இந்த விளக்கத்துக்காக எழுதிக்கொண்டவை, ஆனால் எந்தக் கட்டிலும் இந்த மூன்று வகையும் இருக்கும்.

முதல் தாள் இரண்டேகால் பக்கம். 73ஆம் பிரிவு முழுதாக, பேர் ஆக்டின் எடுத்துக்காட்டுகளில் நான்கு, பிறகு ஹாட்லி வழக்கின் கதை, தீர்ப்பு, பிறகு விக்டோரியா லாண்ட்ரி. கடைசி வரி: "எனவே மேற்கண்ட சட்டத்தின்படியும் வழக்குகளின்படியும் செல்வம் தக்க இழப்பீடு பெற உரிமையுள்ளவர்." எழுத்துப்பிழை கிடையாது, தலைப்புகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. இதற்கு 2. அந்தக் கடைசி வரியில் "தக்க இழப்பீடு" என்பதுதான் துப்பு. தொகை சொல்லத் தெரியாதபோது அந்தச் சொல் வந்து உட்காரும். புதிதாகத் திருத்துபவர்கள் இதற்கு 5, 6 போடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இரண்டாவது தாள்தான் ஆபத்தானது. "செல்வமும் ரங்கராஜும் ஒப்பந்தம் செய்தனர். சிறப்பு இழப்பைப் பெற, அந்தச் சிறப்புச் சூழ்நிலை ரங்கராஜுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செல்வம் நகைக்கடை ஆர்டரைப் பற்றி ரங்கராஜுக்குத் தெரிவித்தார். ஆகவே ரங்கராஜ் செல்வத்துக்கு 2,50,000 ரூபாயும் 42,000 ரூபாயும் தர வேண்டும்." படித்தால் சட்டத்தைப் பொருத்திப் பார்த்த மாதிரியே இருக்கிறது. பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, "ஆகவே" கூட இருக்கிறது. ஆனால் நோட்ஸில் "வாதி", "பிரதிவாதி" என்று இருந்த இடத்தில் செல்வத்தையும் ரங்கராஜையும் எழுதியிருக்கிறார், வேறொன்றும் நடக்கவில்லை. பெயர்களுக்குக் கோடு போட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது, கேள்வியை மனசுக்குள் திருப்பிப் போடுவது. 3ஆம் தேதி போனில் சொன்னதைச் செல்வம் 1ஆம் தேதி நேரிலேயே சொல்லியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் விடை தலைகீழாக மாற வேண்டும். இந்தத் தாளில் ஒரு சொல்கூட மாற வேண்டியதில்லை. அப்படியென்றால் அந்தத் தேதி இவர் விடைக்குள் வரவேயில்லை. சட்டத்துக்கு 2, ஆர்டரைப் பற்றிய அறிவு என்ற பிரச்சினையாவது கண்ணில் பட்டதே என்பதற்காகப் போனுக்கான 3இல் 1. மொத்தம் 3. 42,000 ஏன் கிடைக்கும் என்பதற்கு ஒரு காரணமும் சொல்லாததால் அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாவது தாள் முக்கால் பக்கம்கூட இல்லை, கையெழுத்து சுமார், வழக்குப் பெயர் ஒன்றுகூட இல்லை. "73படி ஒப்பந்தம் போடும்போது தெரிந்த நஷ்டம்தான் கேட்க முடியும். மெஷின் நிற்கும் என்று 1ஆம் தேதியே சொல்லிவிட்டார், அதனால் அந்த நஷ்டம் கேட்கலாம். நகைக்கடை விஷயம் 3ஆம் தேதிதான் சொன்னார், ரங்கராஜ் அதற்கு முன்னாலேயே கூலி பேசி ஒப்புக்கொண்டுவிட்டார், இவ்வளவு பெரிய ரிஸ்க் என்று தெரிந்திருந்தால் வேறு கூலி கேட்டிருப்பார், அதனால் 2,50,000 கிடையாது. பக்கத்து பிரஸ்ஸை மறுத்தது செல்வத்தின் சொந்த முடிவு, 8ஆம் தேதியிலிருந்து முழு நஷ்டமும் கேட்க முடியாது." தொகையைக் கூட்டவில்லை. இதற்கு 9. "வேறு கூலி கேட்டிருப்பார்" என்ற ஒரு வரியைப் பாருங்கள். சட்டம் ஏன் ஒப்பந்த நேரத்து அறிவைக் கேட்கிறது என்ற காரணத்தையே தொட்டு, அதை ரங்கராஜின் பட்டறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மொழி பேச்சுமொழியாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். இந்தக் கேள்வி சோதிப்பது மொழிநடையை அல்ல.

முதல் தாளுக்கு 6, மூன்றாவதற்கு 5 என்று போட்டால் அடுத்த வருடம் எல்லோரும் முதல் தாளைத்தான் எழுதுவார்கள்.

இனி, எங்கே தடுமாறுவீர்கள் என்று சொல்கிறேன். சொந்த வார்த்தையில் எழுதியிருப்பதைப் பொருத்திப் பார்த்ததாக எண்ணிவிடுவது அதில் முதலாவது. நோட்ஸ் வாக்கியத்தை உடைத்து, சொற்களை மாற்றி, ஆங்கில நோட்ஸாக இருந்தால் தமிழில் ஆக்கி எழுதியிருப்பார். சட்டம் புரிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சிதான், சட்டத்துக்கான 2ஐத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் செல்வத்தின் வழக்கு அதில் இல்லை. மறுபக்கம், பார்த்து எழுதியது எல்லாமே வெறும் நகல் என்றும் தள்ளிவிட முடியாது. இரண்டு வழக்குகளும் நோட்ஸில் இருக்க, ஒரு மாணவி ஹாட்லியை விட்டுவிட்டு விக்டோரியா லாண்ட்ரியில் இரண்டு வரியை மட்டும் எடுத்து எழுதி, "அங்கே மாதிரியே இங்கேயும் சாதாரண லாபம் வேறு, பெரிய ஆர்டர் வேறு" என்று சேர்த்திருந்தால், தேர்ந்தெடுத்ததிலேயே புரிதல் இருக்கிறது. அந்த இரண்டு வரி நகல்தான், ஆனால் அது முதல் தேதிக்கும் போனுக்கும் உள்ள மதிப்பெண்ணில் பங்கு வாங்கும். எதை எடுத்தார் என்பதோடு எதை விட்டார் என்பதையும் பாருங்கள்.

உங்கள் விடையிலிருந்து மாறுபட்ட முடிவு வந்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். ஒருவர், பக்கத்து அச்சகம் போட்டிக் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களின் வேலையை அங்கே கொண்டுபோனால் அவர்கள் அங்கேயே தங்கிவிடக்கூடும், அதனால் மறுத்தது நியாயம்தான், 42,000 முழுதாகக் கிடைக்கும் என்று எழுதுகிறார். கேள்வியில் காரணம் பழைய சண்டை என்று இருக்கிறது. ஆனாலும் ஒரு நியாயமான மனிதர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்றுதான் அவர் வாதாடுகிறார், அது சட்டம் கேட்கிற கேள்விதான். அந்த 2ம் முழுதாகக் கொடுங்கள், தொகைக்கான 1ம் கொடுங்கள். காரணமே சொல்லாமல் 27,000 என்று மட்டும் எழுதியிருப்பவருக்குத் தொகைக்கான 1 மட்டும்தான். அந்த எண் பக்கத்து மேஜையிலிருந்து வந்திருக்கவும் கூடும்.

இன்னொன்று: எல்லாத் தாளும் முதல் தாள் மாதிரியே இருந்தால் மாணவர்களைத் திட்டுவதற்கு முன்னால் கேள்வியைப் பாருங்கள். "73ஆம் பிரிவை வழக்குகளுடன் விளக்குக" என்று கேட்டிருந்தால் நோட்ஸைப் பார்த்து எழுதியதுதான் சரியான விடை, அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். கேள்வி கேட்காததைத் திருத்தும்போது எதிர்பார்க்க முடியாது. அடுத்த முறை கேள்வித்தாள் தயாரிப்பவரிடம் சொல்லலாம், இந்த முறை கை கட்டப்பட்டிருக்கிறது.

வேலையை நடத்தும் வரிசை எளிது. முதலில் கட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து எட்டு, பத்துத் தாள்களை உருவி, மதிப்பெண் போடாமல் படித்து, உங்கள் பங்கீடு நிற்கிறதா என்று பாருங்கள். நீங்கள் யோசிக்காத ஒரு நல்ல வாதம் அதில் வந்தால் இப்போதே பங்கீட்டில் சேர்த்துவிடுங்கள், பாதிக் கட்டு முடிந்த பிறகு சேர்த்தால் திரும்பிப் போக வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு மாணவரின் தாளை முழுதாக முடிக்காமல், எல்லோருடைய இந்தக் கேள்வியையும் ஒரே ஓட்டமாகத் திருத்துங்கள். நோட்ஸ் வாக்கியங்கள் கண்ணில் பதிந்து போவதால் இருபது தாளுக்குப் பிறகு நகலை ஓடுகிற ஓட்டத்தில் தாண்டிவிடலாம், "போன்" என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் வேகம் குறையும். எல்லாம் முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள்.

இன்னொருவரும் அதே கட்டைத் திருத்துகிறார் என்றால், ஐந்து தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுங்கள். 2க்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் இரண்டாவது தாள் வகையில்தான் வரும். மொத்தத்தைப் பற்றிப் பேசாமல், எந்த வாக்கியத்துக்கு எந்த மதிப்பெண் என்று விரல் வைத்துப் பேசினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மதிப்பெண்ணை ஓரத்தில் மொத்தமாகப் போடாமல், கிடைத்த வாக்கியத்துக்கு நேரே டிக் செய்து பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். நகல் பத்திக்கு நேரே ஒரு செங்குத்துக் கோடும் "சட்டம் 2" என்றும் போதும். 2011இல் சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டேகால் பக்கம் எழுதி 2 வாங்கிய மாணவர் அந்தத் தாளோடு உங்கள் எதிரில் வந்து உட்காரும் நாள் வரும். அப்போது அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதில் 3ஆம் தேதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள். தேடிப் பார்க்க அவகாசம் கொடுங்கள்.